இருபதாயிரம் வரி ஷீட்டில் எதைக் காட்டுவது: மூன்று வருடம் பழகிய ஒரு முறை

எக்செலில் டெலிவரி ஷீட்டைத் திறந்ததும் Conditional Formatting போட்டு, சிவப்பாகத் தெரிவதை அப்படியே ஸ்லைடில் ஏற்றுவதுதான் வழக்கம். மாதாந்திரக் கூட்டத்துக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் நாங்கள் அதை விட்டுவிட்டு, ‘எத்தனை கூடியது’ என்ற ஒரு Column-ஐ வைத்தே மூன்று வருடமாக முடிவெடுக்கிறோம். பெரும்பாலும் கைகொடுக்கிறது. சில இடங்களில் காலை வாருகிறது.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அக்டோபரில் 10,000 ஆர்டர், தாமதம் 800. நவம்பரிலும் 10,000 ஆர்டர், தாமதம் 1,100. மேனேஜர் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்த 300 எங்கிருந்து வந்தது? எத்தனை மடங்கு கூடியது என்று பார்த்தால் திருவொற்றியூர்தான் கண்ணில் படும். 100 ஆர்டரில் 4 தாமதம் என்பது 12 ஆகியிருக்கிறது, மூன்று மடங்கு. வேளச்சேரியில் 2,400 ஆர்டரில் 240 என்பது 450 ஆகியிருக்கிறது, இரு மடங்குகூட இல்லை. ஆனால் கூடிய 300-இல் வேளச்சேரி கொடுத்தது 210, திருவொற்றியூர் கொடுத்தது 8. அங்கே ஒரு வேன் ஒரு நாள் நின்றுபோனாலே அந்த 8 வந்துவிடும். அதைச் சிவப்பாக்கினால் கூட்டம் முழுக்க எட்டு ஆர்டரைப் பற்றிப் பேசியே முடிந்துவிடும்.

டெலிவரி வரிகள் Data என்ற டேபிளில் இருக்கட்டும்; அதன் Month Column-இல் Oct, Nov என்றும், Late Column-இல் தாமதமான ஆர்டருக்கு 1 என்றும் இருக்கவேண்டும். வேறொரு ஷீட்டில் பகுதிப் பெயர்களை A2-இலிருந்து ஒருமுறை மட்டும் எழுதி, பக்கத்தில் இதைப் போட்டால் போதும்:

```
=COUNTIFS(Data[Area],$A2,Data[Month],"Nov",Data[Late],1)
-COUNTIFS(Data[Area],$A2,Data[Month],"Oct",Data[Late],1)
```

பிறகு பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். அதற்கு முன் அந்த Column-இன் கூட்டுத்தொகை சரியாக 300 வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். வராவிட்டால் பத்தில் எட்டு முறை குற்றவாளி எழுத்துக்கூட்டல்தான். "Velachery", "Velacheri", கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிய "Velachery " என ஒரே ஊர் மூன்று பெயரில் கிடக்கும். COUNTIFS பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, ஆனால் அந்த ஸ்பேஸை விடாது. பிவட்டில் இது இன்னும் மோசம். முதலிடத்தில் நிற்கவேண்டிய பகுதி மூன்று துண்டாகச் சிதறி நடுவில் எங்கோ ஒளிந்துகொள்ளும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஆர்டர் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறினால் இந்த Column பொய் சொல்லும். தீபாவளி மாதத்தில் இது நிச்சயம். வேளச்சேரிக்கு நவம்பரில் 2,400-க்குப் பதில் 3,000 ஆர்டர் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய 10 சதவீதப்படியே 300 தாமதம் வரவேண்டியதுதான். 450-இலிருந்து அதைக் கழித்தால் 150. கிளையிடம் கேட்கவேண்டிய கேள்வி அந்த 150-க்குத்தான்; மீதி 60 வேலை கூடியதால் வந்தது. இந்தக் கழித்தலைச் செய்யாதவரை ஆர்டர் கூடும் மாதமெல்லாம் பெரிய கிளைதான் முதலிடத்தில் நிற்கும், அங்குள்ளவர்களும் ரிப்போர்ட்டை மதிப்பதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு இடறல், பங்கைச் சதவீதமாகச் சொல்வது. சில பகுதிகளில் தாமதம் குறைந்திருந்தால், கூடிய பகுதிகளின் பங்கைச் சேர்க்கும்போது 100-ஐத் தாண்டும். யாராவது ஒருவர் அதைக் கூட்டிப் பார்ப்பார், பேச்சு கணக்குத் தகராறாகிவிடும். ‘300-இல் 210’ என்று எண்ணாகவே சொல்லிவிடுவது நிம்மதி.

முதலிடம் தெரிந்ததும் ஸ்லைடுக்குப் போய்விடாதீர்கள். அந்த 210-ஐ நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதில் 150, தண்ணீர் தேங்கிய மூன்று நாளில் குவிந்திருந்தால் ‘வேளச்சேரி கிளை மந்தம்’ என்ற தலைப்பு அநியாயம். அதே மூன்று நாளில் மற்றப் பகுதிகளையும் பாருங்கள். அங்கும் ஏறியிருந்தால் காரணம் ஊர் முழுக்கப் பெய்த மழை. ஏறாவிட்டால் அந்தக் கிளையின் வழித்தடம். மேனேஜர் எடுக்கும் முடிவு இரண்டுக்கும் வேறு.

ஸ்லைடில் பார் சார்ட் ஒன்று போதும். எல்லா பாரும் சாம்பல், வேளச்சேரி மட்டும் நிறம். தலைப்பில் ‘பகுதிவாரித் தாமதம்’ என்று எழுதாமல், ‘கூடிய 300 தாமதத்தில் 210 வேளச்சேரியில், அதிலும் 150 மூன்று மழை நாளில்’ என்று முழுசாக எழுதிவிடுவோம். இரண்டாவது பாருக்கும் நிறம் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். கொடுத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

இந்த முறைக்குத் தெரியாத ஒன்று உண்டு. எண்ணிக்கையில் சிறிதாகவும் விளைவில் பெரிதாகவும் இருப்பது இதில் சிக்காது. ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுபோக வேண்டிய மருந்து மூன்று பேருக்குத் தாமதமானால் அது பட்டியலின் அடியில்தான் கிடக்கும். அதற்கென்று பொருள்வகை Column-இல் தனியாக ஃபில்டர் போட்டுப் பார்த்து, சார்ட்டுக்குக் கீழே ஒரு வரியாகக் கையால்தான் எழுதவேண்டியிருக்கிறது.