குஷனுக்கு முன்னால் பக்கப்பிடி: இரண்டு ஜோடி பேட்மின்டன் ஷூக்களை நீண்ட நாள் போட்டு ஆடிய அனுபவம்

வார இறுதியில் மட்டும், பெரும்பாலும் டபுள்ஸ் ஆடுபவன் நான். சில வருடங்களாக இரண்டு ஜோடி ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். இரண்டுமே உள்ளரங்க ஆட்டத்துக்கென்றே செய்தவை, இரண்டுக்கும் அடியில் கம் ரப்பர்தான். ஒன்று தடிமனான குஷனும் மெல்லிய வலைத்துணி மேற்பகுதியும் கொண்டது. மற்றொன்று தரைக்கு நெருக்கமாக, பக்கவாட்டில் விறைப்பாக இருக்கும். கடையில் போட்டு நடந்து பார்த்தால் முதலாவதுதான் சொகுசு. கோர்ட்டில் இன்றுவரை நான் நம்பி இறங்குவது இரண்டாவதில்.

காரணம் பக்கவாட்டு நகர்வில் இருக்கிறது. எதிரணி ஸ்மாஷ் அடிக்கிறது, ஷட்டில் உங்கள் வலப்பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது காலை வெளியே வீசி ஊன்றுகிறீர்கள். அடி ரப்பர் தரையைக் கவ்வி ஷூவை நிறுத்திவிடும். ஆனால் உடம்பு இன்னும் வலப்பக்கமே போய்க்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்து பாதமும் ஷூவுக்குள் வெளிப்புறமாகச் சறுக்கும். மேற்பகுதி தளர்வாக இருந்தால் அது பிதுங்கி, பாதத்தின் ஓரம் அடிப்பகுதியின் விளிம்பைத் தாண்டி நிற்கும். அடியில் இருப்பது தடிமனான மென்மையான நுரை என்றால், அதன் வெளிப்புற ஓரமும் எடையில் அமுங்கி ஒரு சரிவு உண்டாகும். குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கணுக்கால் புரளவும் அவ்வளவு வசதி. அப்படிப் புரளும்போது பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது கணுக்காலின் வெளிப்புறம் முன்பக்கமாக இருக்கும் தசைநார். ஓட்டப் பயிற்சி ஷூக்களைப் போட்டு பேட்மின்டன் ஆடக்கூடாது என்பதும் இதனால்தான். அவை நேராக முன்னே போவதற்குச் செய்தவை. குதிகால் உயரமாகவும் பக்கங்கள் இளக்கமாகவும் இருக்கும்.

என் குஷன் ஜோடியில் இதன் அறிகுறிகள் மெதுவாகத்தான் தெரிந்தன. ஆட்டம் முடிந்ததும் சுண்டுவிரல் பக்கம் சூடாக எரியும். சாக்ஸ் எப்போதும் வெளிப்புற ஓரத்தில் தேய்ந்து ஓட்டையாகும். உள்ளே இருக்கும் இன்சோல் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். சில மாதங்கள் கழித்து மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தபோது மேற்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. விறைப்பான ஜோடி அதைவிட அதிகம் உழைத்திருக்கிறது, இன்னும் நேராகவே நிற்கிறது.

இதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு கையில் குதிகால் பகுதியையும் மறு கையில் முன்பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி சுலபமாகத் திரும்பினால் வேண்டாம். முன்பக்கத்தை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் அல்ல. குதிகாலைச் சுற்றியிருக்கும் சுவரை இரண்டு பக்கமும் அழுத்தினால் உள்ளே குழியக்கூடாது. அப்புறம் ஆட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸோடு லேஸ் கட்டி நின்று, பக்கவாட்டில் பலமாக ஊன்றி, பாதம் விளிம்பைத் தாண்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். முன்பாதத்தின் வெளிப்புறத்தில் அடி ரப்பர் கொஞ்சம் மேலேறி மூடியிருந்தால் நல்லது. அகலமான பாதம் உள்ளவர்கள் நீளத்தைக் கூட்டி வாங்காமல் அகல வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நீளம் கூடினால் பாதம் முன்பின்னாகவும் சறுக்கும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் அளவு பார்ப்பது சரியாக வரும்.

கிரிப் விஷயத்தில் இரண்டு ஜோடிகளுக்கும் நடுவே நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. பிடி குறைந்த நாட்களில் எல்லாம் காரணம் தூசிதான். கம் ரப்பர் மென்மையானது, தரையோடு எவ்வளவு பரப்பு சுத்தமாக ஒட்டுகிறதோ அந்த அளவுக்குப் பிடிக்கும். ஆழமான பள்ளங்கள் மண் தரைக்குத்தான் உதவும், மரத்தரைக்கும் கோர்ட்டில் விரிக்கும் மேட் விரிப்புக்கும் தேவையில்லை. ஷூவைக் கோர்ட்டுக்கு வந்தபிறகு மாட்டுவதும், கேம்களுக்கு நடுவே ஈரத்துணியில் அடியைத் துடைத்துக்கொள்வதும் எனக்குப் போதுமாக இருக்கிறது. அதே ஷூவோடு வாசலில் நடந்தால் மணல் துகள்கள் ரப்பரில் பதிந்து, பிடி சீக்கிரம் போய்விடும்.

துடைத்த பிறகும் வழுக்கினால் ரப்பர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நகத்தால் அழுத்திப் பார்த்தால் புதிய ரப்பர் சற்றுக் குழிந்து மீளும், பழையது குழியாது. சும்மா அலமாரியில் கிடந்தாலும் வருடக்கணக்கில் இந்த இறுக்கம் வரும். அதனால் தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை நகத்தால் சோதிக்காமல் எடுக்காதீர்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருக்காது. நான் வலது கைக்காரன். நெட்டை நோக்கி வலது காலை நீட்டி லஞ்ச் போகும்போது பின்னால் இழுபடும் இடது காலின் பெருவிரல் உள்ஓரம்தான் எனக்கு முதலில் தேய்கிறது. அந்த இடத்தில் கூடுதல் ரப்பர் ஒட்டிய ஷூ அதிக நாள் வருகிறது.

பிடி அதிகமாக இருந்தாலும் தொல்லை உண்டு. புது ஷூவும் புது மேட் விரிப்பும் சேர்ந்தால் பாதம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும். முன்பாதத்தின் அடியில் சில ஷூக்களில் வட்டமாக ஒரு கோலம் இருக்கும், அது திரும்புவதைச் சுலபமாக்கத்தான். எனக்கு முழங்கால் கொஞ்சம் பேசும் என்பதால், புது ஜோடியில் முதல் சில ஆட்டங்களை வேகம் குறைத்தே ஆடுகிறேன்.

குஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லஞ்ச்சில் குதிகால்தான் முதலில் தரையில் விழுகிறது. வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஆடுபவரின் குதிகாலுக்கு அது தேவை. மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் தேவை குதிகாலில்தான். முன்பாதத்தில் நுரை மெல்லியதாக இருந்தால் தரை தெரியும், கிளம்புவதும் வேகமாக இருக்கும். என் தடிமன் ஜோடியின் குஷன் முதல் சில மாதங்கள் அருமையாக இருந்தது. பிறகு பக்கங்களில் சுருக்கம் விழுந்தது, அமுக்கினால் முன்போல் மீளவில்லை. இன்சோல் மட்டும் மாற்றிப் பார்த்தேன். தடிமனானது போட்டபோது பாதம் மேலே தூக்கிக்கொண்டது, குதிகாலைப் பிடித்திருந்த சுவரின் பிடி இன்னும் குறைந்தது. மெல்லியது போட்டால் வித்தியாசமே தெரியவில்லை.

எடை கூடியவர்கள், சிமென்ட் தரையில் நேரடியாக மேட் விரித்த இடத்தில் ஆடுபவர்கள் குஷனுக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம். அப்போதும் நான் சொன்ன முறுக்குச் சோதனையில் தேறிய ஷூக்களிலிருந்து மெத்தென்று இருப்பதை எடுக்க வேண்டும். ஏற்கனவே ஒரு முறை கணுக்கால் புரண்டவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தாழ்வானது, விறைப்பானது.

கையில் இருப்பது இளகிய ஷூ, உடனே மாற்ற முடியாது என்றால், லேஸில் ஒரு வேலை செய்யலாம். பெரும்பாலான ஷூக்களில் மேலே கடைசியாக, சற்றுப் பின்தள்ளி ஒரு கூடுதல் துளை இருக்கும். லேஸின் நுனியை அந்தத் துளையில் அதே பக்கமாக விட்டு ஒரு வளையம் உண்டாக்குங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, எதிரெதிர் நுனிகளை வளையங்களுக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் அமர்ந்துவிடும். என் குஷன் ஜோடியை இப்போது இப்படிக் கட்டித்தான் போடுகிறேன். குதிகால் எழும்புவது நின்றது. முன்பாதம் பக்கவாட்டில் சறுக்குவது மட்டும் குறையவில்லை.