சீடா, சீரிஸ் பியா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தம்பிக்கு இரண்டு ஆஃபர். ஒன்று பெரம்பூரில் சீட் நிலையில், அதாவது ஆரம்ப முதலீடு மட்டும் வாங்கிய நிலையில் இருக்கும் சின்ன கம்பெனி: மாதம் 70,000, 0.4 சதவீதப் பங்குக்கு ஆப்ஷன். மற்றது ஓஎம்ஆரில் சீரிஸ் பி என்னும் பிந்தைய, பெரிய முதலீட்டுச் சுற்றை முடித்தது: மாதம் 90,000, 2,000 ஆப்ஷன். ஆப்ஷன் என்றால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. வீட்டில் எல்லோரும் பெரியதற்கே ஓட்டு போட்டார்கள்.

இரண்டு இடத்திலும் கையிருப்பையும் மாதச் செலவையும் கேட்கச் சொன்னேன். சின்னதிடம் 3 கோடி. வருமானம் போக மாதம் 20 லட்சம் கரைகிறது. 15 மாதம் தாங்கும். பெரியதிடம் 40 கோடி, ஆனால் மாதம் 5 கோடி போகிறது. 8 மாதம்தான். அடுத்த முதலீடு திரட்டவே ஆறு மாதம் பிடிக்கலாம்.

2,000 ஆப்ஷன் என்பது மொத்தம் எத்தனை பங்கில்? ஒரு கோடியில் என்றார்கள். அதாவது 0.02 சதவீதம். வாங்கும் விலையும் பங்குக்கு 400 ரூபாய். வேலையை விட்டால் 90 நாளுக்குள் எட்டு லட்சம் கட்டணும், இல்லையென்றால் காலாவதி. சின்னதில் விலை 10 ரூபாய்தான். எதுவானாலும் முதல் ஒரு வருஷம் கையில் எதுவும் வராது, சட்டமே அப்படி.

பேச்சை நம்புவதற்கு முன் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டி, பங்கு ஒதுக்கீட்டைக் காட்டும் PAS-3 படிவத்தையும் கடைசி பேலன்ஸ் ஷீட்டையும் பார்க்கணும். முதலீட்டாளர் என்ன விலைக்குப் பங்கு வாங்கினார் என்பது முன்னதில் இருக்கும். பேலன்ஸ் ஷீட் பல மாதம் பழசு, அதனால் இன்றைய கையிருப்பை நேரில்தான் கேட்கணும். சொல்ல மழுப்பினால் நான் போகமாட்டேன்.

என் ஓட்டு பெரம்பூருக்கு. வீட்டுக் கடன் இருந்தால் மட்டும் அந்த 20,000 வித்தியாசத்தை யோசிக்கலாம்.