மங்கலான கல்யாணப் படம், நாலு வருஷமாகச் சுவரில்

எங்கள் மகளின் கல்யாணம் 2001-ல் பாம்பனில் நடந்தது. தாரை வார்த்துவிட்டு அவள் கையை விடாமல் நிற்கும் என் வீட்டுக்காரரை எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மங்கல். அவர் போன பிறகு அதைப் பெரிதாக்கக் கொடுத்தேன். 4-க்கு 6 அங்குலப் பிரிண்டையே ஸ்கேன் செய்து 20-க்கு 30 ஆக இழுத்துவிட்டார்கள். மூக்கோரத்தில் வெள்ளைக் கோடு, கண் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு. அது அவர் முகமே இல்லை.

அப்புறம் மதுரையில் ஒரு லேபுக்குக் கடிதம் எழுதினேன். "பிரிண்டை அனுப்பவா, நெகட்டிவை அனுப்பவா? எந்த அளவு வரை முகம் தாங்கும்? கண்ணையும் வாயையும் புதிதாக வரைந்துவிடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் அவராக இருந்தால் போதும்."

பதிலுக்குப் போன் செய்தவர் முதலில் கேட்டது, "அம்மா, பின்னால இருக்கிற சீரியல் பல்பு எப்படித் தெரியுது?" பல்புகள் எல்லாம் ஒரே பக்கம் கோடாக இழுத்திருந்தால் கேமரா ஆடியிருக்கிறது, உருண்டையாக ஊதியிருந்தால் போகஸ் தவறியிருக்கிறது. எங்கள் படத்தில் பல்பும் வாழைமரமும் துல்லியம், முகங்கள்தான் மங்கல். போகஸ் பின்னால் போய்விட்டது, அதை முழுதாக மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் நெகட்டிவை அனுப்பச் சொன்னார். பார்த்தால், பிரிண்டில் இருந்த மங்கலில் ஒரு பங்கு பிரிண்ட் போட்டபோது வந்தது! நெகட்டிவில் அவர் மீசையின் ஓரம் தனியாகத் தெரிந்தது.

நெகட்டிவை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தார்கள். அந்த அளவுக்கு 12-க்கு 18 வரை போகலாம். ஆனால் முகத்தை மட்டும் இரண்டு அளவில் துண்டு பிரிண்ட் போட்டு அனுப்பினார்கள். ஐந்தடி தள்ளி வைத்துப் பார்த்தேன். 12-க்கு 18-ல் முகம் கரைந்தது, 8-க்கு 12-ல் நின்றது. அதையே மேட் தாளில் போட்டு, சுற்றிலும் அகலமான அட்டை வைத்துப் பெரிய பிரேமில் அடைத்தோம். சுவர் நிறைந்துவிட்டது. பெரிதாக்கக் கொடுப்பவர்கள் இந்தத் துண்டு பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கடல்காற்றில் எங்கள் பழைய படங்கள் பல கண்ணாடியோடு ஒட்டிப்போயின. இதில் அந்த அட்டை கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடுவதால் ஒட்டவில்லை. கடல் பார்த்த சுவரில் மாட்டவில்லை. பின்பக்கம் காற்று ஓடுவதற்காகக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு வைத்திருக்கிறேன். நாலு வருஷத்தில் கொக்கி மட்டும் துருப்பிடித்தது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினேன். நெகட்டிவை சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஜெல்லை மாற்றிவிடுவேன்.

மகள் வந்தால் படத்தின் கிட்டே போகமாட்டாள். எதிரே கட்டிலில்தான் உட்காருவாள். அங்கிருந்துதான் அப்பா முகம் துலங்கும்.