கோழித்தீன் கொள்வனவில் அடுக்குக்குறி மென்மையாக்கல்: α-ஐத் தெரிவுசெய்த அனுபவம்

களுவாஞ்சிக்குடியில் உள்ள ஒரு தீன் களஞ்சியத்தின் கொள்வனவுக் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில், முட்டைக்கோழித் தீனுக்கான அடுத்த மாதக் கேள்வியைப் பல ஆண்டுகளாக அடுக்குக்குறி மென்மையாக்கல் முறையில் எதிர்வுகூறி வருகிறேன். முறை எளிமையானது. இந்த மாதத்துக்கு நாம் கூறியிருந்த அளவையும் உண்மையில் கேட்கப்பட்ட அளவையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வழுவில் ஒரு பங்கை மட்டும் பழைய எதிர்வுகூறலுடன் சேர்த்தால் அடுத்த மாத எதிர்வுகூறல் கிடைக்கும். அந்தப் பங்குதான் மென்மையாக்கல் மாறிலியான α. அது 0.2 ஆனால் கடைசி மாதத்துக்கு 20 சதவீத நிறையும், அதற்கு முந்திய மாதத்துக்கு 16 சதவீதமும், அதற்கும் முந்தியதற்கு 12.8 சதவீதமும் கிடைக்கும். 0.8 ஆனால் கடைசி மாதமே 80 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்.

எக்செலில் இதற்கு இரண்டு சூத்திரங்களே போதும். B நிரலில் கேள்வியையும், C2 இல் தொடக்க எதிர்வுகூறலையும், F1 இல் α-ஐயும் இட்டு, C3 முதல் கீழே நிரப்பிச் செல்ல வேண்டும். வழுக்களின் வர்க்கச் சராசரி F2 இல் வரும்.

```
C3: =C2+$F$1*(B2-C2)
F2: =SUMXMY2(B2:B11,C2:C11)/10
```

பிறகு Solver ஐத் திறந்து, F2 மிகக் குறையும்படி F1 ஐ 0 இற்கும் 1 இற்கும் இடையில் மாற்றச் சொல்லலாம். தெரிவு GRG Nonlinear ஆக இருக்க வேண்டும். எக்செலின் Data Analysis பகுதியில் உள்ள Exponential Smoothing கருவியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் Damping factor என்பது α அல்ல, 1−α ஆகும். 0.2 வேண்டுமென்றால் 0.8 என்று இட வேண்டும்.

வழுவை மிகக் குறைக்கும் α-ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியுள்ளது. எங்கள் பதிவிலிருந்து சற்று மட்டந்தட்டிய பத்து மாத எண்களைப் பாருங்கள், 50 கிலோ மூடைகளில்: 104, 97, 102, 98, 131, 127, 133, 126, 132, 129. தொடக்க எதிர்வுகூறல் 100. α = 0.2 என்றால் வர்க்க வழுச் சராசரி 238 வருகிறது, 0.5 இற்கு 137, 0.8 இற்கு 123. வர்க்கத்தை விட்டுத் தனி வழுக்களின் சராசரியை எடுத்தாலும் வரிசை மாறுவதில்லை. முறையே 12.2, 7.6, 7.1 மூடைகள். ஆகவே கணக்கு 0.8 ஐத்தான் சிறந்தது என்று காட்டுகிறது.

ஆனால் நான்காம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பது களஞ்சியத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். படுவான்கரையில் புதிதாகத் தொடங்கிய ஒரு பண்ணை எங்களிடம் தீன் எடுக்கத் தொடங்கியது. முட்டையிடும் ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் உண்ணும். 450 கோழிகளுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 30 மூடைகள் தேவைப்படும், எண்களில் தெரியும் ஏற்றமும் அதுவே. முட்டையிடத் தொடங்கிய கூட்டத்தைப் பண்ணையாளர் ஓராண்டுக்கு மேலாக வைத்திருப்பார் என்பதால் அந்தக் கேள்வி அடுத்த மாதமே மறைந்துவிடாது. முட்டைக்கோழித் தீனின் கேள்வி மெல்ல ஏறுவதை விட இப்படிப் படியாக ஏறுவதும், கூட்டம் கழிக்கப்படும்போது படியாக இறங்குவதுமே வழக்கம்.

0.8 வெல்வதற்குக் காரணம் இந்த ஒரே படிதான். புதிய மட்டத்தை அது ஓரிரு மாதங்களில் எட்டிவிடுகிறது, 0.2 ஆறு மாதங்களாகப் பின்தங்கித் தவழ்கிறது. அமைதியான மாதங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. முதல் நான்கு மாதங்களை 100 இல் தொடங்கியும், ஏழாம் மாதம் முதல் கடைசி நான்கையும் 129 இல் (131, 127 ஆகியவற்றின் சராசரி) புதிதாகத் தொடங்கியும் கணித்தால், அந்த எட்டு மாதங்களின் வர்க்க வழுச் சராசரி 0.2 இற்கு 10, 0.5 இற்கு 13.7, 0.8 இற்கு 20. சாதாரண மாதங்களில் 0.8 ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பின்னால் ஓடுகிறது என்பதே இதன் பொருள்.

இதே எட்டு மாதங்களை Solver இடம் கொடுத்தால் அது 0 என்று விடை தரும், சராசரி 8.4. புதிய செய்தி எதையுமே கேட்காத எதிர்வுகூறலை யாரும் கடையில் வைத்திருக்க முடியாது. 8.4 இனதும் 10 இனதும் வர்க்கமூலங்களுக்கு இடையிலான வேறுபாடு அரை மூடைக்கும் குறைவு. குறைந்தபட்சப் புள்ளியைச் சுற்றி வழுக் கோடு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். அந்தத் தட்டைப் பகுதிக்குள் 0.1 இற்கும் 0.3 இற்கும் இடையில் எதை எடுத்தாலும் இழப்பு மிகச் சிறிது. α-ஐ மூன்று தசமதானத்துக்குத் துல்லியமாகத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் 0.2 இல் நிற்கிறேன்.

தவறான α-இன் விலை எதிர்வுகூறலோடு நிற்பதில்லை. காப்புக் கையிருப்பை வழுவின் அளவை வைத்தே தீர்மானிக்கிறோம். 123 இன் வர்க்கமூலம் 11, பத்தினுடையது 3.2. இருபது மாதங்களில் பத்தொன்பதில் இருப்புத் தீராமல் இருக்க வழமையாக எடுக்கும் 1.65 ஆல் பெருக்கினால் முதலாவது 18 மூடைகளையும் இரண்டாவது 5 மூடைகளையும் வைத்திருக்கச் சொல்லும். எட்டு மாதங்கள் சிறிய மாதிரி என்பதால் ஐந்தைச் சற்றுக் கூட்டி வைப்பதே நல்லது. ஆனால் பதினெட்டு மூடைகளை அடுக்கி வைத்தால், மார்கழி மழையின் ஈரப்பதத்தில் அடிவரிசையில் பூஞ்சணம் பிடிக்கும்.

எனவே எங்கள் நடைமுறை இது: α தாழ்வாகவே இருக்கும், படி வரும்போது மட்டத்தைக் கையால் மாற்றுவோம். புதிய பண்ணையோ கழிக்கப்படும் கூட்டமோ முன்பே தெரிந்தால், கோழி எண்ணிக்கையை மூடைகளாக்கி C நிரலில் நேரே சேர்த்துவிடுவோம். தெரியாமல் வரும் படியை வழுக்கள் காட்டிக்கொடுக்கும். வழக்கமான வழு நான்கு மூடைகளாக இருக்கும்போது 31 வந்தால் உடனே காரணம் விசாரிக்க வேண்டும். நான்கு மாதங்கள் தொடர்ந்து வழு ஒரே குறியில் வந்தாலும் விசாரிப்போம். அது தற்செயலாகவும் நேரக்கூடும், ஆனால் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு மேல் அதற்குச் செலவில்லை.

B நிரலில் விற்பனையை எழுதாமல் கேட்கப்பட்ட அளவை எழுத வேண்டும் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். மாரியில் வீதிகள் நீரில் மூழ்கி லொறி வராத மாதத்தில் இருப்புத் தீர்ந்துவிடும், விற்பனைப் புத்தகத்தில் 70 மட்டுமே இருக்கும். அதைக் கேள்வியாகக் கொண்டால் எதிர்வுகூறல் இறங்கி, அடுத்த மாதமும் குறைவாகக் கொள்வனவு செய்து மீண்டும் இருப்பைத் தீர்ப்போம். இல்லையென்று திருப்பி அனுப்பியவர்கள் கேட்ட மூடைகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்து அவற்றையும் கூட்டுகிறோம்.

பசளைக்கு இந்த எளிய வடிவத்தை நான் பயன்படுத்துவதில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் ஏறி இறங்கும் அந்தக் கேள்விக்கு α-ஐத் தேடினால் விடை 1 ஐ நெருங்கும். போன மாதத்தையே திரும்பச் சொல்வதை விடச் சிறந்த வழி இந்த முறைக்குள் இல்லை என்பதற்கு அது அடையாளம். பருவக் குணகங்களையும் சேர்த்து மென்மையாக்கும் ஹோல்ட்–வின்டர்ஸ் முறையே அங்கு பொருந்தும், அதற்குக் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகளின் பதிவு வேண்டும்.