ரூம் வாடகையில் 12,000 கூடுதல், க்ளெய்மில் போனது 57,000

அப்பாவுக்கு வயது 67. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். பாலிசி 3 லட்சம். பில் வந்தது 1,64,000. பணத்தை நாங்களே கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம். 3 லட்சம் கவர் இருக்கிறதே, முழுசாக வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். வங்கிக் கணக்கில் விழுந்தது 56,000.

எங்கே தவறினோம் என்று பார்த்தால், அட்மிஷன் கவுன்டரில்தான். ஒரு நாளைக்கு 3,000 வாடகையில் இருந்த ரூம் காலி இல்லை, 6,000 ரூபாய் ஏசி சிங்கிள்தான் இருக்கிறது என்றார்கள். பாலிசியில் ரூம் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 என்பது எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு 12,000 கையை விட்டுப் போகும், அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த வரம்பு வாடகையோடு நிற்பதில்லை. அனுமதித்த வாடகை, நீங்கள் எடுத்த ரூமின் வாடகையில் எத்தனை பங்கோ, அத்தனை பங்குதான் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாவற்றிலும் கிடைக்கும். இதற்குப் பெயர் ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன். எங்கள் விஷயத்தில் 6,000க்கு 3,000, அதாவது சரிபாதி. எங்கள் பில்லில் இந்த வகைச் செலவு 90,000; அதில் 45,000 போய்விட்டது. வாடகையில் போன 12,000த்தையும் சேர்த்தால் 57,000. ரூமை மாற்றிக் கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மிச்சத்தை டிடக்டபிளும் கோ-பேமென்ட்டும் தின்றன. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட், "10,000 டிடக்டபிள் போட்டுக்கலாம் சார், பிரீமியம் குறையும்" என்றார். சரி என்றேன். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 10,000 நம்முடையது என்று அர்த்தம். அப்பா 60 வயதுக்கு மேல் சேர்ந்ததால் 20 சதவீத கோ-பேமென்ட் வேறு, அதாவது க்ளெய்மில் அந்தப் பங்கும் நம் கையிலிருந்துதான். எங்கள் பாலிசியில் முதலில் 10,000 கழித்து, மீதியில் 20 சதவீதம் எடுக்கிறார்கள். சில பாலிசிகளில் இந்த வரிசை மாறும், வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை, ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரி தர முடியாத ஐட்டம் என்று 4,000 தனியாகப் போனது. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எனக்குக் கோபம் வந்தது செட்டில்மென்ட் லெட்டரை வரி வரியாகப் பார்த்தபோதுதான். மருந்து 28,000, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் 18,000. இந்த 46,000த்தையும் பாதியாக வெட்டியிருந்தார்கள். பெரிய ரூமில் படுத்தால் மாத்திரை விலை ஏறிவிடுமா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020ல் கொண்டுவந்த விதிகளை ஒட்டி எங்கள் பாலிசியில் இருக்கும் வாசகத்தின்படி மருந்து, டயக்னாஸ்டிக்ஸ், உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் ஆகியவற்றில் இந்த விகிதாசார வெட்டு கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. ரூமுக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால், டாக்டர் ஃபீஸில்கூட வெட்ட முடியாது. இந்தக் கடைசி விஷயம் எங்களுக்கு உதவவில்லை. பில்லிங் செக்‌ஷனில் டாரிஃப் கேட்டு வாங்கிப் பார்த்தேன், ரூம் வகைக்கு ஏற்றபடி சர்ஜன் ஃபீஸ் மாறுகிறது. ஆகவே அந்த 45,000 போனது போனதுதான்.

கஸ்டமர் கேரில் மூன்று முறை பேசியதில் "பாலிசி டேர்ம்ஸ்படி சார்" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. அப்புறம் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு பக்க மெயில் போட்டேன். மருந்து, டெஸ்ட் பில்களின் எண்களை வரிசையாக எழுதி, பாலிசியில் அந்த வாசகம் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று முடித்தேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மூன்றாவது வாரம் 18,400 வந்தது. வெட்டிய 23,000த்தில் 20 சதவீத கோ-பேமென்ட் போக மீதி அது, கணக்கு சரி. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை.

ஆக மொத்தம் வந்தது 74,400. கையிலிருந்து போனது 89,600.

பாலிசியோடு கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட் என்று சில பக்கங்கள் வரும். ரூம் வரம்பு, கோ-பேமென்ட், டிடக்டபிள் எல்லாம் அதிலேயே இருக்கும். எங்களுடையது பீரோவில் ஒட்டிய கவரைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. இப்போது அதன் படம் என் போனிலும் தம்பி போனிலும் இருக்கிறது. அடுத்த மாதம் ரினீவல். ரூம் வரம்பு இல்லாத பாலிசிக்கு மாற என்ன பிரீமியம் ஆகும் என்று அதே ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அதுல கொஞ்சம் ஜாஸ்தி வரும் சார்" என்கிறார். எவ்வளவு ஜாஸ்தி என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.