பாஸிங் சொல்லிக்குடுக்க டிரில்லா, கேமா?

கடலூர்ல புதுசா பி.டி. சாரா சேர்ந்த தம்பி கேட்டாரு, டிரில்லயே ஓட்டலாமாண்ணே, இல்ல 1982ல இங்கிலாந்து உடற்கல்வி ஆளுங்க பங்கரும் தோர்ப்பும் சொன்ன மாதிரி கேம்ல இருந்தே ஆரம்பிக்கலாமான்னு. 20 பசங்க, 5 பந்து, ஃபுட்பால் பாஸிங் பாடம்னு வெச்சிப்போம்.

பந்து தொடுறது:
டிரில் - பந்துக்கு நாலு பேரு, ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர நின்னு தட்டுனா தொடுறது நெறையவே கிடைக்கும்.
கேம் - 3க்கு 1, அதாவது மூணு பேர் பாஸ் பண்ண ஒருத்தன் பறிக்கப் பாப்பான், பத்து மீட்டர் கட்டம், கொஞ்சம் கம்மிதான்.

யோசிக்கிறது:
டிரில் - யாருக்கு குடுக்கணும்னு முன்னாடியே தெரியும், அதான் டிரில்ல அழகா தட்டுறவன் மேட்ச்ல முழிக்கிறான்.
கேம் - எங்க பசங்களுக்கு பந்து கட் ஆயிட்டே இருந்துச்சு, நிறுத்தி ஏன்டான்னு கேட்டேன், "நான் அவன் பின்னாடி மறைஞ்சி நின்னுட்டேன் சார்"னான் ஒருத்தன், அப்புறம் அவனே ரெண்டு அடி பக்கவாட்டுல நகந்தான், பாஸ் சரியா போய்ச் சேந்துச்சு. அந்த எடத்துல அஞ்சு நிமிஷம் பாஸ் டிரில் வெச்சிட்டு திரும்ப கேம், மொறையே அதுதான், டிரில்ல தூக்கிப் போடுறது இல்ல.

சிக்கல்:
டிரில் - போர் அடிச்சி வெயில்ல அலம்பல் பண்ணுவானுங்க.
கேம் - பந்து கால்ல நிக்காம துள்ளிப் போச்சுன்னா மூணு பாஸ் கூட சேராது, கட்டத்தப் பெருசாக்கணும் இல்லன்னா 4க்கு 1 வைக்கணும்.

பந்தையே நிறுத்தத் தெரியாத பசங்கன்னா முதல்ல கொஞ்ச நாள் டிரில், ஓரளவு தட்டத் தெரிஞ்சா நேரா கேம் வெச்சிடுங்க தம்பி.