ஒரே கிளிக்கில் எல்லாம் அழியும் என்று ₹7,500 வாங்கிக்கொண்டு போனார்கள்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

என் கடையில் ஐந்து சிஸ்டம். ஆதார் டவுன்லோடு, ஸ்காலர்ஷிப், டிஎன்பிஎஸ்சி என்று நாள் முழுக்க ஆள் வருவார்கள். ஒருத்தர் லாகின் அடுத்தவர் கையில் சிக்கக்கூடாது என்று பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்றில் கேட்டேன். "கிளீனர் போட்டுத் தர்றேண்ணே, ஒரே கிளிக். சிஸ்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு" என்றான். மொத்தம் ₹7,500.

நம்பினதற்குக் காரணம் இருக்கிறது. என் கண் முன்னால் செய்து காட்டினான். கிளிக் செய்தான், குரோமில் ஹிஸ்டரியைத் திறந்தான், காலி. Ctrl+J அடித்தான், டவுன்லோடு பட்டியலும் காலி. "பாத்தீங்களாண்ணே, துடைச்ச மாதிரி இருக்கு." ஜிபேயில் ₹7,500 அனுப்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு ஸ்காலர்ஷிப் தளத்தைத் திறந்தது. யூசர் ஐடி கட்டத்தில் கை வைத்ததுமே வேறு யாருடைய ஐடியோ வந்து விழுந்தது, கீழே பாஸ்வேர்டும் புள்ளி புள்ளியாக. "அண்ணா, இது யாரோடது?" என்று கேட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு Downloads ஃபோல்டரைத் திறந்தால் அத்தனையும் அங்கேயே கிடக்கிறது: மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ், EAadhaar என்று தொடங்கும் பிடிஎஃப் வரிசையாக. அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். ஊர்க்காரன் எவனாலும் திறக்க முடியும்.

அவன் காட்டியது பட்டியலைத்தான். பட்டியலை அழித்தால் ஃபைல் அழியாது. அவன் கிளீனர் ஹிஸ்டரியையும் டெம்ப் ஃபைலையும் மட்டும் துடைத்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், 2011 சைபர் கஃபே விதிகளின்படி எந்தெந்தத் தளம் பார்க்கப்பட்டது என்ற பதிவை நாம் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். வைக்க வேண்டியதை அழித்துவிட்டு, அழிக்க வேண்டியதை வைத்திருக்கிறான்!

போன் செய்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே." மறுபடி செய்தால், "அது ஃப்ரீ வெர்ஷன், ப்ரோ போட்டாத்தான் பாஸ்வேர்டு போகும்." ஃப்ரீ வெர்ஷனுக்கா ₹7,500? அப்புறம் பையன் ஊருக்குப் போயிருக்கான் என்றார்கள். கடைசியில் நேரில் போனேன். "பாஸ்வேர்டு அழிக்கிறேன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறான். பில்லும் கிடையாது.

அப்புறம் நானே உட்கார்ந்து நோண்டினேன். காசே தேவைப்படவில்லை. chrome://password-manager/passwords என்று அடித்தால் சேமித்ததெல்லாம் வரிசையாகத் தெரியும், அங்கேயே அழிக்கலாம். ஆனால் யாராவது தன் கூகுள் கணக்கை அந்த குரோமிலேயே இணைத்துவிட்டுப் போயிருந்தால், முதலில் அந்தக் கணக்கை வெளியேற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழிப்பது அவர்களுடைய போனிலும் அழிந்துவிடும். பிறகு chrome://password-manager/settings போய் பாஸ்வேர்டு சேமிக்கவா என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். கடைசி விண்டோவை மூடும்போது தளங்களின் டேட்டாவை அழிக்கச் சொல்லும் அமைப்பு chrome://settings/content/siteData பக்கத்தில் இருக்கிறது. மெயிலை மூடாமல் எழுந்து போகிறவர்களுக்காக அது. ஹிஸ்டரி அப்படியே இருக்கும்.

டவுன்லோடுக்கு நோட்பேடில் இதை எழுதி .bat என்று சேமித்து டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். ஒரு கஸ்டமர் எழுந்ததும், பிரிண்ட் எல்லாம் கையில் வாங்கிவிட்டாரா என்று கேட்டுவிட்டு ஒரு டபுள் கிளிக்:

```
del /f /q "%USERPROFILE%\Downloads\*.*"
```

இது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, திரும்ப எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே அழுத்துங்கள். உள்ளே ஃபோல்டர் இருந்தால் அது போகாது, கையால்தான் அழிக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் சேமித்ததும், ஸ்கேனர் தன் ஃபோல்டரில் போட்டு வைப்பதும் இதில் சேராது.

விவரமாக எழுத நினைத்தேன், கடையில் ஆள் நிற்கிறார்கள். காலி ஹிஸ்டரியைக் காட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஒரு பொய் ஐடி, பொய் பாஸ்வேர்டை நீங்களே சேமித்து, ஒரு பிடிஎஃப்பையும் இறக்கிவிட்டு, அவனைக் கிளிக் செய்யச் சொல்லுங்கள். பிறகு Ctrl+J பார்க்காதீர்கள், ஃபோல்டரையே திறந்து பாருங்கள். பில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். என் ₹7,500 வரப்போவதில்லை, "சார் வெளிய போயிருக்காரு" என்றுதான் இன்றைக்கும் பதில்.